ஆறு வயதுக் காதுக்கு எட்டுவது

டொராண்டோவின் வடகிழக்கு ஓரத்தில் ரூஜ் ஆற்றை ஒட்டிய குடியிருப்புகளில், முதலாம் வகுப்புக்குப் போகும் தமிழ்ப் பிள்ளை ஒரே நாளில் இரண்டு மொழிகளில் ஏவல் கேட்கிறது. காலையில் பள்ளியில் ஆங்கிலம்: மேலங்கியைக் கொளுவு, புத்தகத்தை எடு, கம்பளத்தில் வந்து உட்கார். மாலையில் வீட்டில் தமிழ்: சப்பாத்தைக் கழற்று, கையைக் கழுவு, அம்மம்மாவிடம் தண்ணீர்ப் போத்தலைக் கொடு. இரண்டு இடத்திலும் முதல் வேலை நடக்கும், இல்லாவிட்டால் கடைசி வேலை நடக்கும். நடுவில் சொன்னது எங்கோ விழுந்துவிடும். "சொல்வழி கேளாத பிள்ளை" என்ற பெயரும் சீக்கிரமே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பெயரை வைப்பதற்கு முன்னால், சொன்னது எந்த இடத்தில் தவறியது என்று பார்க்க வேண்டும். சத்தத்துக்குள் சொல் காதில் விழாமல் போயிருக்கலாம். விழுந்தும் செய்து முடிக்கும்வரை நினைவில் நிற்காமல் போயிருக்கலாம். நினைவில் நின்றும் வாக்கியத்தின் அமைப்பு பிடிபடாமல் இருந்திருக்கலாம். எல்லாம் பிடிபட்டும், சொல்லி முடிப்பதற்குள் கை முந்தியிருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். சொன்னபடி செய்யும் விளையாட்டும், ஒலிகளால் கதை சொல்லும் விளையாட்டும் ஆறு வயதுப் பிள்ளைக்கு உதவுவது இந்த நான்கையும் பிரித்துப் பார்க்க வழி தருவதால்தான். பிரித்துப் பார்க்காமல் விளையாடினால் பொழுது போகும், அவ்வளவே.

முதலில் சத்தம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஜான் பிராட்லியும் ஹிரோஷி சாட்டோவும் 41 தொடக்கப்பள்ளி வகுப்பறைகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாமல், அவர்கள் தினமும் படிக்கும் அறைகளிலேயே முதலாம், மூன்றாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொற்களை ஒலிக்கவிட்டு, கேட்ட சொல்லுக்குரிய படத்தைக் காட்டச் சொன்னார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, 100 சொற்களில் 95ஐச் சரியாகப் பிடிக்க 11 வயதுப் பிள்ளைக்குப் பேச்சு இரைச்சலைவிட 8.5 டெசிபல் உயர்ந்திருந்தால் போதும். 8 வயதில் அது 12.5. ஆறு வயதிலோ 15.5 டெசிபல் வேண்டும். பெரியவர் தம் காதுக்குத் தெளிவாக இருக்கிறது என்று நினைக்கும் அறை, ஆறு வயதுக்குத் தெளிவாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் செவியில் குறை ஏதும் இல்லை. இரைச்சலில் இருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் வேலையை மூளை அந்த வயதில் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு மீட்டர் தள்ளி நின்று இயல்பாகப் பேசும் குரல் ஏறத்தாழ 60 டெசிபல். அப்படியானால் பின்னணி இரைச்சல் 45க்குள் இருந்தால்தான் ஆறு வயதுக் காதுக்கு வசதி. அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் விசிறி வேகமாகச் சுற்றினால் அதன் இரைச்சலே பேச்சின் அளவை நெருங்கிவிடும். பக்கத்து அறையில் தொலைக்காட்சியும் ஓடினால், அம்மா அடுப்படியில் நின்று கூப்பிட்டுச் சொன்ன மூன்று வேலைகளில் எத்தனை பிள்ளையின் காதுக்குப் போயின என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் விளையாட்டின் முதல் விதி பெரியவருக்கு உரியது: விசிறியை நிறுத்து, கிட்டப் போ. இரைச்சலில் விளையாடினால் பிள்ளையின் கவனம் சோதிக்கப்படுவதில்லை, அறைதான் சோதிக்கப்படுகிறது.

அறை அமைதியான பிறகு அடுத்தது நினைவு. பிரிட்டிஷ் உளவியலாளர் சூசன் கேதர்கோலும் அவருடன் பணியாற்றியவர்களும், கேட்டதைப் பயன்படுத்தி முடிக்கும்வரை மனத்தில் பிடித்துவைக்கும் திறனைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பறைகளில் ஆராய்ந்தவர்கள். அவர்கள் பதிவுசெய்த ஒரு சிறுவனின் கதை ஆசிரியர்களிடையே மிகவும் பழக்கமானது. தாளை ஒரு மேசையில் வை, அட்டைகளை உறைக்குள் போடு, பென்சிலை வைத்துவிட்டுக் கம்பளத்துக்கு வா என்று ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்கிறார். சிறுவன் தாளை மட்டும் வைத்துவிட்டு, மற்ற எதையும் செய்யாமல் இருக்கிறான். அடம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவனிடம் மிஞ்சியிருந்தது முதல் பகுதி மட்டுமே.

2008இல் இதே குழுவினர் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறம் நிறமான எழுதுபொருட்களையும் பெட்டிகளையும் வைத்து, இதைத் தொடு, அதை எடுத்து இதற்குள் வை என்று படிப்படியாக நீளும் கட்டளைகளைக் கொடுத்தார்கள். ஒரு முறை செய்துகாட்டச் சொன்னார்கள், இன்னொரு முறை கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். செய்துகாட்டுவதில் பிள்ளைகள் மேலாக இருந்தார்கள். காது வாங்கும்போதே கைக்குத் திட்டம் போட்டுவிடும் பிள்ளைக்கு அந்தத் திட்டம் ஒரு பிடிமானம் ஆகிறது. "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு பாப்பம்" என்பது பெரியவர்களின் வழக்கமான சோதனை. அதில் தடுமாறும் பிள்ளை செய்யச் சொன்னால் சரியாகச் செய்துவிடக்கூடும்.

இந்தச் சோதனையை வீட்டு மேசையிலேயே விளையாட்டாக்கலாம். சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்று நிறங்களில் பென்சில், அழிறப்பர், அடிமட்டம். கூடவே இரண்டு பெட்டிகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. முதல் படியில் ஒரே செயல்: "சிவப்புப் பென்சிலைத் தொடுங்கோ." அடுத்த படியில் இரண்டு: "சிவப்புப் பென்சிலை எடுத்துப் பெரிய பெட்டிக்குள்ள வையுங்கோ." அதற்கடுத்து: "சிவப்புப் பென்சிலைப் பெரிய பெட்டிக்குள்ள வைச்சிட்டு, மஞ்சள் அழிறப்பரைத் தொடுங்கோ." ஒவ்வொரு படியிலும் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறு பொருள், வேறு நிறம். மூன்று முறை சரியென்றால் அடுத்த படி. இரண்டு முறை தவறினால் ஒரு படி கீழே. கட்டளையை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். சொல்லும்போது பொருளைப் பார்க்கக்கூடாது, ஏனென்றால் ஆறு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களின் கண்ணை நன்றாக வாசிப்பார்கள். தாத்தாவின் பார்வை போன இடத்துக்குக் கை போனால், அங்கே செவிக்கு வேலையே இல்லை.

தவறை எப்படி வாசிப்பது என்பதுதான் இதில் முக்கியம். மஞ்சள் அழிறப்பரைத் தொட்டுவிட்டுப் பென்சிலை மறந்தால், முதலில் சொன்னது நினைவில் இருந்து நழுவியிருக்கிறது. பொருள் சரியாக இருந்து நிறம் மட்டும் மாறினால் சுமை கூடிவிட்டது, ஒரு விவரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். வாக்கியம் முடியும் முன்பே கை பென்சிலில் இருந்தால் குறை நினைவில் இல்லை, பொறுத்திருப்பதில் இருக்கிறது. அதற்கு, கைகளை மடியில் வைத்திருந்து "இப்ப" என்ற சொல் கேட்ட பிறகே எடுக்கலாம் என்று விதியை மாற்றிப் பார்க்கலாம். அப்படி மாற்றியதும் தவறுகள் மறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் இது தெரியும். நிறம், நீளம், வேகம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவிட்டு "இண்டைக்குக் கவனமில்லை" என்று முடிவு கட்டினால் எதுவும் தெரியாது.

இங்கே தமிழுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலக் கட்டளையில் வினை முதலில் வந்துவிடும். எடுப்பதா, தொடுவதா என்பது தெரிந்த பிறகே பொருளின் பெயர் வரும். தமிழில் பொருள், நிறம், இடம் எல்லாம் வரிசையாக வந்து, என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில்தான் தெரியும். அதுவரை எல்லாவற்றையும் பிள்ளை ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். நாள் முழுவதும் ஆங்கிலம் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு இது கூடுதல் பாரம். அதே தமிழ் இன்னொரு இடத்தில் கைகொடுக்கவும் செய்கிறது. எடுத்து, வைத்து, மூடிவிட்டு, வா என்று வினையெச்சங்கள் அடுக்கும் வரிசைதான் செய்யும் வரிசை. எது முன், எது பின் என்ற குழப்பத்துக்கு அங்கே இடமில்லை.

குழப்பம் வேண்டுமென்றால் "முன்" என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். "பென்சிலை எடுக்கிறதுக்கு முன்னம் பெட்டியை மூடுங்கோ" என்ற வாக்கியத்தில் சொல்லும் வரிசை வேறு, செய்யும் வரிசை வேறு. சிறு பிள்ளைகள் காதில் விழுந்த வரிசையிலேயே செய்துவிடுவார்கள் என்பதை மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1971இலேயே ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் காட்டியிருக்கிறார். அந்த ஆய்வில் இருந்தவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுவரையான பிள்ளைகள். ஆறு வயதில் ஆங்கிலத்தில் இதைக் கடந்துவிட்ட பிள்ளை, குறைவாகப் புழங்கும் தமிழில் இன்னும் கடக்காமல் இருக்கலாம். ஒரே பொருட்களை வைத்து ஒரு நாள் ஆங்கிலத்திலும் மறுநாள் தமிழிலும் விளையாடிப் பார்த்தால் அது வெளிவரும். ஆங்கிலத்தில் மூன்று செயல்களைச் செய்யும் பிள்ளை தமிழில் இரண்டோடு நின்றால், நினைவிலோ கவனத்திலோ குறை தேட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காதில் விழ வேண்டும்.

பொறுத்திருந்து கேட்பதற்குப் பழைய விளையாட்டுகளே போதும். காகம் பற, கிளி பற என்று ஒருவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கைகளைச் சிறகாக அடிப்பார்கள். நடுவே கதிரை பற என்று வந்தால் கை அசையக்கூடாது. கனடியப் பள்ளிகளில் "சைமன் சொல்கிறார்" என்று தொடங்கினால் மட்டும் செய்யும் விளையாட்டுக்கும் இதுதான் அடிப்படை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெகன் மெக்லெலண்டும் அவருடைய குழுவினரும் இதே பொறியைச் சோதனைக் கருவியாக்கினார்கள்: தலையைத் தொடு என்றால் கால்விரலைத் தொட வேண்டும், கால்விரல் என்றால் தலை. கேட்டதும் எழும் உந்துதலை அடக்கி, விதியை நினைவில் வைத்து, மாற்றிச் செய்ய வேண்டும்.

இந்த விளையாட்டுகளில் ஒரு வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். தவறு செய்த பிள்ளையை வெளியே உட்காரவைப்பது வழக்கம். அப்படிச் செய்தால், அதிகம் பழக வேண்டிய பிள்ளைதான் முதலில் வெளியேறி மீதி நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியேற்றாமல் ஒரு புள்ளியைக் குறைத்துவிட்டுத் தொடரலாம். இன்னொன்று, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் அரை நொடி தாமதித்துச் சரியாகச் செய்யும் பிள்ளை பெரும்பாலும் கண்ணால் விளையாடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று ஆடவைத்தால் தெரிந்துவிடும்.

ஒலிக் கதைகளுக்கு வருவோம். இவற்றைப் பற்றிய மிகப் பெரிய சான்று டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் இருக்கிறது. இங்வார் லுண்ட்பர்க், யோர்கன் ஃப்ரோஸ்ட், ஒலே-பீட்டர் பீட்டர்சன் ஆகிய மூவரும் அங்கே 235 பிள்ளைகளுடன் எட்டு மாதங்கள் நடத்திய திட்டத்தின் முடிவுகள் 1988இல் வெளியாயின. பிள்ளைகளுக்கு ஆறு வயது. டென்மார்க்கில் அப்போது ஏழு வயதில்தான் எழுத்து கற்பிப்பார்கள் என்பதால், எழுத்தே தெரியாத காதுகள் கிடைத்தன. நாள்தோறும் 15 முதல் 20 நிமிடம் விளையாட்டு. தொடக்கத்தில் சுற்றுப்புற ஒலிகளைக் கேட்டு அடையாளம் காண்பது. பிறகு ஓசை ஒத்த சொற்கள். பிறகு வாக்கியத்தைச் சொல்லாகவும் சொல்லை அசையாகவும் பிரிப்பது. கடைசியில் சொல்லுக்குள் இருக்கும் தனித்தனி ஒலிகள். ஒப்பிடுவதற்கு இந்தத் திட்டம் இல்லாத வேறொரு பகுதியில் 155 பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளி தொடங்கியபின் முதலாம், இரண்டாம் வகுப்புகளில் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் போர்ன்ஹோம் பிள்ளைகள் முந்தினார்கள்.

1998இல் மர்லின் ஆடம்ஸும் லுண்ட்பர்க்கும் வேறு இருவரும் சேர்ந்து இந்த விளையாட்டுகளை ஆங்கில நூலாக்கினார்கள். அதன் தொடக்கப் பகுதியில் வரும் ஒலி வரிசை விளையாட்டு எளியது. பிள்ளைகள் கண்ணை மூடியிருக்க, ஒருவர் ஓர் ஒலி எழுப்புகிறார். அது என்ன என்று சொல்ல வேண்டும். அடுத்து இரண்டு ஒலிகள், வரிசை மாறாமல். அடுத்து மூன்று. பிறகு அதே வரிசையை ஓர் ஒலியை விட்டுவிட்டு எழுப்பி, எது காணவில்லை என்று கேட்க வேண்டும். காணாமல் போனதைக் கண்டுபிடிப்பது வரிசையைத் திருப்பிச் சொல்வதைவிட வேறு மாதிரியான உழைப்பு. முதல் வரிசை முழுவதும் நினைவில் இருந்தால்தான் இரண்டாவதில் உள்ள ஓட்டை தெரியும்.

இதையே கதையாக்க நான்கு பொருள் போதும்: அரிசி போட்டு மூடிய பேணி, கசக்க ஒரு தாள், ஒரு திறப்புக் கோர்வை, தண்ணீரும் இரண்டு கோப்பைகளும். பேணி மழை, தாள் காய்ந்த இலைமேல் நடக்கும் காலடி, திறப்பு வீட்டுக்கு வந்த அப்பா, தண்ணீர் ஆறு. முதலில் பெரியவர் சொல்லாமல் ஒலிகளால் மட்டும் கதையை நடத்துகிறார்: காலடி, ஆறு, மழை, காலடி வேகமாக, திறப்பு. பிள்ளை அதைச் சொற்களில் சொல்கிறது. யாரோ ஆற்றங்கரைக்குப் போனார், மழை வந்தது, ஓடி வந்தார், கதவு திறந்தது. இரண்டாம் முறை மழையை விட்டுவிட்டு நடத்தினால், ஏன் ஓடினார் என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். காரணத்தோடு கோத்த ஒலி வரிசை, வெறும் வரிசையைவிட நன்றாக நினைவில் நிற்கும். ஆறு ஒலிகளுக்கு மேல் போனால் இந்த வயதில் விளையாட்டு குலைந்துவிடும்.

அதே நூலில் இன்னொரு விளையாட்டு: தெரிந்த கதையை எங்கோ ஓரிடத்தில் தவறாகச் சொல்வது, பிள்ளைகள் கண்டுபிடித்து நிறுத்துவது. தமிழுக்குப் பாட்டி வடை சுட்ட கதை காத்திருக்கிறது. ஆனால் ஆங்கில விதியை அப்படியே எடுத்தால் தோல்விதான். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை இடம் மாற்றினாலே பொருள் தலைகீழாகிவிடும். தமிழில் "வடையைப் பாட்டி சுட்டா" என்றாலும் சுட்டது பாட்டிதான். பிள்ளை நிறுத்தாது, நிறுத்த வேண்டியதும் இல்லை. தமிழில் மாற்ற வேண்டியது உருபை: "வடை பாட்டியைச் சுட்டுது." இந்தச் சிறு ஒலியைப் பிடித்துக் கத்தும் பிள்ளை வேற்றுமையைக் காதால் கற்றுவிட்டது. ஆங்கிலமே மேலோங்கிய வீடுகளில் வளரும் பிள்ளைகள் நழுவவிடக்கூடிய இடம் இது. சொற்கள் எல்லாம் தெரிந்திருக்கும், ஈற்றில் ஒட்டிய "ஐ" கேட்காமல் போகும். முதலில் நரி பறந்தது போன்ற பெரிய தவறுகள், பிறகு வடைக்குப் பதில் படை, அதன் பிறகே உருபு என்று போனால், எந்த அளவு நுணுக்கம்வரை காது எட்டுகிறது என்பது தெரியும்.

அதைவிட நுணுக்கமானது ஒலிச் சோடி. வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில், பல்லில் நா தொடும் ஒலியையும் நா மடியும் ஒலியையும் இந்தி மொழியில் கேட்டுப் பிரித்தறிந்தார்கள். ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. தமிழில் பத்துக்கும் பட்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடும் இதே வகை. தமிழ் தொடர்ந்து காதில் விழும் ரூஜ் பிள்ளைக்கு அது தங்கியிருக்கும். அரைகுறையாக விழும் பிள்ளைக்கு மங்கியிருக்கலாம், ஆனால் ஆறு வயதில் பழக்கிக்கொள்ள வழி உண்டு.

இரண்டு படங்களை வைத்து விளையாடலாம். புலியும் புளியும், பல்லியும் பள்ளியும், பத்து விரலும் பட்டுச் சேலையும். பெரியவர் பின்னால் நின்று ஒன்றைச் சொல்ல, பிள்ளை படத்தைத் தொடுகிறது. இரண்டு படம் என்பதால் காதை மூடிக்கொண்டு தொட்டாலும் பாதி சரியாக வரும். ஆகவே பத்து முறையில் ஆறு சரி என்று மகிழக்கூடாது, எட்டு ஒன்பது வந்தால்தான் கேட்டுச் செய்கிறது என்று கொள்ளலாம். சோடியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். அந்த வீட்டில் கிளி, கிழி என்று சோடி வைத்தால் சொல்பவரிடமே வேறுபாடு இருக்காது, பிள்ளை ஊகிக்கத்தான் செய்யும். ரகர றகரச் சோடிகளும் அப்படியே. வீட்டுப் பேச்சில் உள்ள வேறுபாட்டைத்தான் காதுக்குக் கொடுக்க முடியும்.

வெளியே போக ரூஜில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 2015இல் கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்காவான ரூஜ் பள்ளத்தாக்கு, ஆறு ஒன்டாரியோ ஏரியில் கலக்கும் இடம்வரை நீள்கிறது. ஒன்டாரியோவில் பிறந்த இசையமைப்பாளர் முர்ரே ஷேஃபர் 1960களில் இருந்து மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சிகளில் முதன்மையானது, ஓரிடத்தில் நின்று கேட்கும் ஒலிகளையெல்லாம் பட்டியலிடுவது. ஆற்றுமுகத்து ஏரிக்கரையில் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொஞ்சம் மாற்றலாம். எழுதவேண்டாம், ஒலி வரும் திசைக்குக் கை நீட்டினால் போதும். அலை ஒரே பக்கம் நிற்கும். கோ ரயில் ஒரு பக்கத்தில் தொடங்கி மறு பக்கத்தில் முடியும், நீட்டிய கையும் கூடவே நகரும். சதுப்பில் சிவப்புத் தோள் கொண்ட கருங்குருவி கத்தினால் கை எங்கே போவது என்று தடுமாறும். திரும்பி வந்ததும் அந்த ஒலிகளை வைத்தே பேணியும் தாளும் கொண்டு கதை செய்யலாம். குளிர்காலத்தில் மேலங்கியின் தலைமூடி காதை மறைத்து, உரசல் ஒலியை மட்டும் கொடுக்கும். சித்திரை வைகாசிதான் இதற்கு ஏற்ற காலம்.

இவற்றின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். போர்ன்ஹோமில் வாசிப்பு உயர்ந்ததற்குக் காரணம் மணியோசையையும் தாளோசையையும் கேட்டது என்று கொள்ள முடியாது. அந்தத் திட்டம் கூர்மையாக உயர்த்தியது சொல்லுக்குள் இருக்கும் தனி ஒலிகளைப் பிரிக்கும் திறனைத்தான், கடைசி மாதங்களின் விளையாட்டுகள் பழக்கியதும் அதையே. சுற்றுப்புற ஒலிகள் விளையாட்டின் விதிகளைப் பழக்கும் வாசற்படி. அங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டால் வாசிப்புக்கு எதுவும் சேராது. ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரயண்டும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஒலி விளையாட்டோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்தபோதுதான் பலன் மிகுந்தது. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2022இல் வாசிப்புரிமை பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகு, 2023இல் வந்த மாகாணப் பாடத்திட்டம் முதலாம் வகுப்பில் ஒலிகளையும் எழுத்துகளையும் வெளிப்படையாகக் கற்பிக்கச் சொல்வதும் இந்த வழியில்தான்.

கட்டளை விளையாட்டுக்கும் இதே எல்லை. நினைவுப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2013இல் மோனிகா மெல்பி-லெர்வோகும் சார்ல்ஸ் ஹல்மும் கண்டது, பயின்ற வேலையில் கிடைக்கும் முன்னேற்றம் வாசிப்புக்கோ கணக்குக்கோ பரவுவதில்லை என்பது. மேசையில் நான்கு செயல்வரை போன பிள்ளை, இரைச்சலான வகுப்பில் நான்கு செயலையும் செய்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எத்தனை செயல் தாங்கும் என்பது இப்போது பெற்றோருக்குத் தெரியும், சொல்வதை அந்த அளவுக்கு நறுக்கிக் கொடுக்கலாம். இரண்டு தாங்கும் பிள்ளைக்கு நான்கு சொல்லிவிட்டுக் கோபிக்கும் மாலைகள் குறையும். நாலு சுற்றுக்கு ஐந்து நிமிடம் போதும், பிள்ளை களைத்துவிட்ட பிறகு கிடைக்கும் தவறுகள் களைப்பைத்தான் காட்டும்.

அமைதியான அறையில், கிட்ட இருந்து, ஒரே ஒரு செயலைச் சொல்லியும் தொடர்ந்து தவறினால், அல்லது முகம் பார்த்துச் சொன்னால் சரியாகவும் முதுகுப் பக்கமிருந்து சொன்னால் தவறாகவும் செய்தால், விளையாட்டை நிறுத்திவிட்டுச் செவியைச் சோதிக்க வேண்டும். சளி பிடித்த பிறகு நடுச்செவியில் நீர் தங்குவது இந்த வயதில் அடிக்கடி நேர்வது. காது வலிக்காமலே பல வாரம் அது இருக்கும், ஒலியை 25, 30 டெசிபல் அளவுக்கு மங்கச் செய்யும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் கேட்காது. அதனால்தான் அது அடம்போலத் தோன்றும். விளையாடிய நாட்களையும் தவறுகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் போனால், சளிக்கும் தவறுகளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அவர் பார்க்க முடியும். தேவையென்றால் செவித்திறன் சோதனைக்கு அனுப்பவும் அந்தத் தாள் உதவும்.